பயம் மறுபடி கெட்டியாவதற்கு முன்னால்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, சற்றுத் திருத்திய எழுத்து வடிவம்.)

போன வாரம் நிறைய பேர் ஒரே மாதிரி ரீல்ஸை எங்களுக்கு ஃபார்வர்டு பண்ணியிருந்தீங்க. "நீங்க ஒரு விஷயத்தை ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மூளை அதைத் திருத்தி எழுதுது. அதனால கெட்ட நினைவை நீங்களே மாத்திக்கலாம்." பின்னணியில பியானோ, ஒரு கடற்கரை, அவ்வளவுதான். இது உண்மையான்னு கேட்டிருந்தீங்க.

பாதி உண்மை. அந்தப் பாதியே ரொம்ப ஆச்சரியமானது. ஆனா மிச்சப் பாதியைச் சொல்லாம விட்டா, தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு அதே பழைய சண்டையை மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கிறவங்களுக்கு ஏன் எதுவுமே மாறலைங்கறது புரியாது. அதனால இன்னைக்கு எலியிலிருந்து ஆரம்பிச்சு ஒரு சிலந்தி வரைக்கும் போகப் போறோம்.

முதல்ல பழைய கதை. 1900ஆம் ஆண்டிலேயே ம்யுல்லர், பில்செக்கர்னு ரெண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைச் சொன்னாங்க. புதுசா கத்துக்கிட்ட எதுவும் உடனே நிலைச்சுடாது, கெட்டியாக கொஞ்ச நேரம் வேணும். இதுக்கு அவங்க வெச்ச பேர் கன்சாலிடேஷன். கான்கிரீட் போட்டா எப்படி சில மணி நேரம் யாரையும் மிதிக்க விடமாட்டோமோ, அந்த மாதிரி. பிறகு வந்த ஆய்வுகள்ல, அந்தக் கெட்டியாகிற வேலைக்கு நரம்பணுக்கள் புதுப் புரதங்களைச் செய்யணும்னு தெரிஞ்சது. ஒரு எலிக்கு எதையாவது கத்துக்கொடுத்த கையோட புரத உற்பத்தியை நிறுத்தற மருந்தைக் கொடுத்தா, மறுநாள் அந்தப் பாடம் அதோட மூளையில இருக்காது. ஆனா ஒரு நாள் கழிச்சு கொடுத்தா ஒண்ணும் ஆகாது. கான்கிரீட் செட் ஆயிடுச்சு, இனிமே யார் மிதிச்சா என்ன?

பல பத்தாண்டுகள் பாடப்புத்தகத்துல இருந்தது இதுதான். நினைவு ஒரே ஒரு தடவைதான் கெட்டியாகும், அதுக்கப்புறம் அது கெட்டிதான்.

1990களின் கடைசியில் நியூயார்க் பல்கலைக்கழகத்துல ஜோசஃப் லெடூவோட ஆய்வகத்துல கரீம் நாடர்னு ஓர் இளம் ஆய்வாளர் இருந்தார். அவருக்கு ஒரு சின்னப்புள்ளத்தனமான கேள்வி வந்தது. 'கெட்டியான நினைவை மறுபடி வெளியில எடுக்கறோமே, அப்ப அது என்ன நிலைமையில இருக்கும்?' லெடூவே இது நடக்காதுன்னுதான் நினைச்சாராம். ஆனாலும் நாடர் செஞ்சு பார்த்தார். அந்தச் சோதனை ரொம்ப எளிமையானது, அதனால ஒவ்வொரு படியையும் சொல்றேன்.

முதல் நாள் எலிக்கு ஒரு ஒலி கேட்கும், அது முடியும்போது காலில் ஒரு மின் அதிர்ச்சி. ஒரே தடவைதான். எலிக்கு அது போதும். அடுத்த தடவை அந்த ஒலி கேட்டாலே அப்படியே உறைஞ்சு நின்னுடும். பயத்தை அளக்கற அளவுகோலே அதுதான், எத்தனை நேரம் உறைஞ்சு நிக்குதுன்னு பார்ப்பாங்க. மறுநாள், அதாவது நினைவு நல்லா செட் ஆன பிறகு, வேற ஒரு கூண்டுல அந்த ஒலியை மட்டும் ஒரு தடவை கேட்க வைக்கறாங்க. அதிர்ச்சி கிடையாது. எலி உறையுது, அதாவது நினைவு மேலே வந்திருக்கு. உடனே அனிசோமைசின்ங்கற மருந்தை மூளையில அமிக்டலாவுக்குள்ள நேரா செலுத்தறாங்க. அமிக்டலாங்கறது பாதாம் பருப்பு வடிவத்துல இருக்கற ஒரு பகுதி, பயப்பாடங்கள் இணையற இடம். அனிசோமைசின் புரத உற்பத்தியை நிறுத்தும்.

அடுத்த நாள் ஒலி கேட்டப்ப எலி ரொம்பக் குறைவாத்தான் உறைஞ்சது. கெட்டியானதா நினைச்ச பயம் கரைஞ்சு போயிருந்தது.

இதுல எனக்குப் பிடிச்சது முடிவு இல்லை, அதைச் சுத்தி அவங்க போட்ட வேலிதான். மருந்து அமிக்டலாவைக் கெடுத்திருக்கலாமே? சரி, இன்னொரு குழு எலிகளுக்கு ஒலியைக் கேட்க வைக்காம அதே மருந்தை அதே இடத்துல கொடுத்தாங்க. பயம் அப்படியே இருந்தது. அப்ப மருந்து மட்டும் காரணமில்ல, நினைவு மேலே வந்திருக்கணும். அடுத்து, ஒலி கேட்டு ஆறு மணி நேரம் கழிச்சு மருந்து கொடுத்தாங்க. அப்பவும் பயம் அப்படியே. அப்ப ஒரு கதவு திறக்குது, சில மணி நேரத்துல மூடிக்குது. கடைசியா, மருந்து கொடுத்த நாலு மணி நேரத்துலேயே சோதிச்சுப் பார்த்தாங்க. எலிகள் நல்லாவே உறைஞ்சன! மறுநாள்தான் பயம் காணோம்.

இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். மருந்து பயத்தை அந்த நேரத்துல அடக்கலை. அன்னிக்கு பயம் இருந்தது. ஆனா அது திரும்பவும் சேமிக்கப்படலை. வெளியில எடுத்த நினைவு மறுபடி உள்ளே போகணும்னா மறுபடி புரதம் செய்யணும், மறுபடி கெட்டியாகணும். அந்த ரெண்டாவது கெட்டியாதலுக்குத்தான் ரீகன்சாலிடேஷன்னு பேர். ஆய்வு 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழ்ல வந்தது. துறைக்குள்ள பெரிய சண்டையே வந்துச்சு. சொல்லப்போனா, 1968ஆம் ஆண்டிலேயே மிசானின்ங்கறவரும் கூட இருந்தவங்களும், எலிக்கு பழைய பயத்தை ஞாபகப்படுத்திட்டு உடனே மூளைக்கு மின் அதிர்வு கொடுத்தா அந்த பயம் போயிடுதுன்னு காட்டியிருந்தாங்க. முப்பது வருஷமா அதை யாரும் பெருசா கண்டுக்கலை.

சரி, இயற்கை எதுக்கு இப்படி ஒரு ஓட்டையை விட்டு வைக்கணும்? பாதுகாப்பா பூட்டி வெச்சதை எடுத்ததும் ஏன் இளக விடணும்? பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்ற விளக்கம், இது ஓட்டை இல்லை, அப்டேட் பண்ற வழி. நீங்க தினமும் போற தெருவில ஒரு நாய் துரத்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அதே நாய் வாலாட்டுது. பழைய நினைவு இளகினாத்தான் அதுல இந்தப் புதுத் தகவலைச் சேர்க்க முடியும்.

இந்த விளக்கம் சரின்னா, அதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருது: புதுசா எதுவும் இல்லைன்னா இளக வேண்டிய தேவையே இல்லை. அதுக்குக் கடைசியில வர்றேன்.

இப்ப மனுஷங்க. மனுஷ அமிக்டலாவுக்குள்ள அனிசோமைசினைச் செலுத்த முடியாது, அது விஷம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல மெரெல் கிண்ட்ங்கற மனநல ஆய்வாளரோட குழு வேற வழியைப் பிடிச்சாங்க. பயம் வரும்போது மூளையில நார்அட்ரினலின் சுரக்கும், அமிக்டலாவுல உணர்ச்சி நினைவு கெட்டியாகறதுக்கு அது தூண்டுகோல். அந்தத் தூண்டுதலைத் தடுக்கற மாத்திரை ஏற்கெனவே மருந்துக் கடையில இருக்கு: ப்ரோப்ரனலால். பீட்டா பிளாக்கர் வகை. ரத்த அழுத்தம், படபடப்பு, ஒற்றைத் தலைவலின்னு பல காரணத்துக்கு டாக்டருங்க எழுதித் தர்ற பழைய மருந்துதான்.

2009ல வந்த அவங்க முதல் ஆய்வுல, மாணவர்களுக்கு சிலந்திப் படங்களைக் காட்டி, அதுல ஒரு படத்தோட மட்டும் கையில மின் அதிர்ச்சி கொடுத்தாங்க. மறுநாள் 40 மில்லிகிராம் ப்ரோப்ரனலாலோ வெத்து மாத்திரையோ கொடுத்துட்டு அந்தப் படத்தை ஒரு தடவை ஞாபகப்படுத்தினாங்க. மூணாவது நாள் சோதனை. இங்க பயத்தை ரெண்டு விதமா அளந்தாங்க. ஒண்ணு, 'அடுத்து அதிர்ச்சி வரும்னு நினைக்கிறீங்களா?'ன்னு கேட்கறது. இன்னொண்ணு, திடீர்னு பெரிய சத்தம் எழுப்பி, கண் எவ்வளவு பலமா இமைக்குதுன்னு கண்ணுக்குக் கீழே ஒட்டின மின்முனைகளால அளக்கறது. பயத்துல இருக்கும்போது அந்த இமைப்பு அதிகமாகும், அதை நம்ம இஷ்டத்துக்கு நடிக்கவோ மறைக்கவோ முடியாது.

மாத்திரை சாப்பிட்டு ஞாபகப்படுத்திக்கிட்டவங்க என்ன சொன்னாங்கன்னா, 'ஆமா, அந்தப் படத்துக்கு அப்புறம் அதிர்ச்சி வரும்.' தகவல் அப்படியே இருந்தது. ஆனா கண் இமைப்புல பயம் இல்லை. தெரிஞ்சிருந்தது, உடம்பு பயப்படலை. நடுவுல சும்மா சில அதிர்ச்சி கொடுத்து சீண்டிப் பார்த்தும் பயம் திரும்பலை.

இந்த வித்தியாசத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். ஏன்னா இதைப் பத்தி பேசினாலே 'காதல் தோல்வியை அழிக்கற மாத்திரை' மாதிரி தலைப்பு போட்டுடறாங்க. இங்க நடந்தது யாரோட முகத்தையும் மறக்கறது இல்லை. என்ன நடந்துச்சுங்கறது வேற, அதை நினைக்கும்போது வயித்துல ஏற்படற அந்த இறுக்கம் வேற. ரெண்டுக்கும் மூளையில வேற வேற அமைப்புகள். இளகினது ரெண்டாவது.

ஆனா ஒரு நாள் முன்னாடி ஆய்வகத்துல செஞ்ச பயம்ங்கறது கூழாங்கல் மாதிரி. பல வருஷம் கூடவே வாழ்ந்த பயத்தை என்ன பண்ண முடியும்? 2015ல மரிகே சூட்டரும் கிண்ட்டும் அதைத்தான் சோதிச்சாங்க. சிலந்தியைக் கண்டா கடுமையா பயப்படற 45 பேர். உங்களுக்குச் சிலந்தி பெரிய விஷயமா தோணலைன்னா, கரப்பான் பூச்சி பறக்கும்போது உங்க வீட்ல யார் கட்டில் மேல ஏறுவாங்கன்னு யோசிச்சுக்கோங்க, அந்த அளவு.

இவங்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. முதல் குழு, உயிருள்ள ஒரு டரான்டுலா சிலந்திக்குப் பக்கத்துல சுமார் ரெண்டு நிமிஷம் நிக்கணும். உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் முடி. ரெண்டு நிமிஷம் முடிஞ்சதும் வெளியில கூட்டிட்டு வந்து 40 மில்லிகிராம் ப்ரோப்ரனலால். ரெண்டாவது குழுவுக்கும் அதே சிலந்தி, அதே ரெண்டு நிமிஷம், ஆனா வெத்து மாத்திரை. மூணாவது குழுவுக்கு ப்ரோப்ரனலால் உண்டு, சிலந்தி கிடையாது.

மாத்திரையை சிலந்திக்கு அப்புறம் கொடுத்தாங்கங்கறதைக் கவனிங்க. முன்னாடியே கொடுத்திருந்தா, 'மருந்தோட தைரியத்துல சிலந்தி முன்னாடி அமைதியா நின்னாங்க, அதனால பயம் குறைஞ்சது'ன்னு யாராவது சொல்லலாம். இங்க அதுக்கு இடமே இல்லை. அவங்க முழு பயத்தோட நின்னாங்க, மருந்து வேலை செய்யும்போது சிலந்தி அங்க இல்லை.

சில நாள் கழிச்சு திரும்பக் கூப்பிட்டு, சிலந்திகிட்ட எவ்வளவு தூரம் நெருங்க முடியுதுன்னு பார்த்தாங்க. முதல் குழு நெருங்கினாங்க. முன்னாடி கதவுகிட்டயே நின்னவங்க. மத்த ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட பழைய மாதிரியே. மூணு மாசம் கழிச்சும் ஒரு வருஷம் கழிச்சும் சோதிச்சப்பவும் மாற்றம் நிலைச்சு நின்னது.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு, எனக்கு இந்த ஆய்விலேயே அதுதான் மனசுல நின்னது. அவங்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்து, 'உங்களுக்கு சிலந்தின்னா எவ்வளவு பயம்?'னு கேட்டாங்க. சிலந்தி பக்கத்துல போக ஆரம்பிச்ச பிறகும், அந்த முதல் குழு, 'ரொம்ப பயம்'னே எழுதினாங்க. நடத்தை மாறிடுச்சு, தன்னைப் பத்தின கதை மாறலை. அந்தப் பதில்கள் மாறறதுக்குப் பல வாரம் ஆச்சு, மூணு மாச சோதனையிலதான் குறைஞ்சிருந்தது. தான் பயப்படாம நடந்துக்கறதைத் தானே பார்த்துப் பார்த்து, 'ஓ, எனக்கு பயமில்லை போல'ன்னு அவங்க முடிவுக்கு வந்த மாதிரி இருக்கு. வழக்கமான சிகிச்சையில நாம எதிர்பார்க்கற வரிசைக்கு இது நேர் எதிர்.

வழக்கமான சிகிச்சைன்னா, பயப்படற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, நீண்ட நேரம் எதிர்கொள்ள வைக்கறது. அது நல்லாவே வேலை செய்யும், அதைக் குறைச்சுச் சொல்லலை. ஆனா அங்க பழைய பயம் அழியறதில்லை. 'இது ஆபத்தில்லை'ங்கற ரெண்டாவது பாடம் பக்கத்துல எழுதப்படுது. ரெண்டும் போட்டி போடும். இடம் மாறினா, காலம் கடந்தா, மன அழுத்தம் கூடினா, பழையது ஜெயிக்கலாம். நாய்கள் பழகி மறந்த எதிர்வினை தானா திரும்ப வர்றதை பாவ்லோவே கவனிச்சிருக்கார். ரீகன்சாலிடேஷன் மேல இவ்வளவு ஆர்வம் ஏன்னா, இதுல முதல் பாடத்தையே தொட முடியலாம்.

அதனாலதான் ரெண்டு நிமிஷம். அதே ஆளை அதே சிலந்தி முன்னாடி ஒரு மணி நேரம் நிக்க வெச்சா என்ன ஆகும்? பழைய நினைவு இளகற கட்டத்தைத் தாண்டி, மூளை புதுப் பாடத்தை எழுத ஆரம்பிச்சுடும். அப்ப மாத்திரை கொடுத்தா, கெட்டியாகாம போறது அந்தப் புது தைரியமா இருக்கலாம். ரொம்பக் குறைவான நேரம்னா கதவே திறக்காது. சரியான அளவு ஆளுக்கு ஆள் வேற. அதைவிட மோசம், கதவு திறந்ததான்னு வெளியில இருந்து பார்த்துத் தெரிஞ்சுக்க இதுவரை எந்த நம்பகமான அடையாளமும் இல்லை. மறுநாளோ பிறகோ பயம் குறைஞ்சிருந்தாத்தான், 'திறந்திருந்தது'ன்னு பின்னோக்கிச் சொல்ல முடியும்.

ரீல்ஸ் கேள்விக்கு இப்ப வரலாம். 2013ல சயின்ஸ் இதழ்ல கிண்ட் குழுவோட இன்னொரு ஆய்வு வந்தது, முதல் பேர் டியூக்கே செவன்ஸ்டர். நினைவூட்டும்போது எல்லாம் ஏற்கெனவே கத்துக்கிட்ட மாதிரியே அச்சு அசலா நடந்தா, மாத்திரைக்கு எந்த விளைவும் இல்லை. எதிர்பார்த்ததுக்கும் நடந்ததுக்கும் இடைவெளி இருந்தா மட்டும்தான் நினைவு இளகினது. வரும்னு நினைச்ச அதிர்ச்சி வராம போகணும், இல்ல எதிர்பார்க்காதது வரணும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தச் சண்டையை ஓட்டிப் பார்க்கும்போது என்ன நடக்குது? அதே வசனம், அதே இடத்துல அதே வலி. முடிவு உங்களுக்குத் தெரியும். எதிர்பார்த்தது அப்படியே வருது. மேல சொன்ன ஆய்வை வெச்சுப் பார்த்தா, மூளைக்கு அங்க திருத்த எதுவும் இல்லை. நினைச்சுப் பார்க்கறது வேற, நினைவு இளகறது வேற. ரீல்ஸ் முழுங்கினது இந்த வரியைத்தான்.

இப்ப கொஞ்சம் தண்ணி ஊத்தணும். இந்தத் துறையில மறுபடி செஞ்சு பார்க்கும்போது கிடைக்காம போன முடிவுகள் நிறைய. மருந்தே இல்லாம, நினைவூட்டி பத்து நிமிஷம் கழிச்சு பயத்தைப் பழக்கி அணைச்சா போதும்னு 2010ல டேனியலா ஷில்லர் குழு நேச்சர்ல சொன்னாங்க. கேட்கவே இனிப்பா இருந்துச்சு. பெல்ஜியத்துல லூவென் பல்கலைக்கழகக் குழு, முறையை முன்கூட்டியே பதிவு செஞ்சு, அதை கவனமா திரும்பச் செஞ்சு 2020ல வெளியிட்டாங்க, பயம் நிலைச்சுக் குறையலை. ப்ரோப்ரனலால் ஆய்வையும் அவங்க திரும்பச் செஞ்சப்ப நீடிச்ச விளைவு கிடைக்கலை. கிண்ட் குழுவுக்கே சில தடவை கிடைக்காம போயிருக்கு.

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வர்ற பி.டி.எஸ்.டி. விஷயத்துலயும் இதே இழுபறி. மாண்ட்ரியால்ல அலன் ப்ரூனே குழு, 60 பேருக்கு வாரம் ஒரு தடவை, ஆறு வாரம் வரைக்கும், ப்ரோப்ரனலால் கொடுத்து ஒன்றரை மணி நேரம் கழிச்சு, நடந்ததை எழுதிப் படிக்க வெச்சாங்க. வெத்து மாத்திரை குழுவைவிட அறிகுறிகள் நல்லா குறைஞ்சதுன்னு 2018ல வெளியிட்டாங்க. ஆனா 2015ல வேற ஆய்வாளர்கள் மூணு சோதனைகளைச் சேர்த்து வெளியிட்டாங்க, அதுல மூணுலயும் ஒண்ணும் கிடைக்கலை. எனக்குத் தோணறது என்னன்னா, நிகழ்வு உண்மை, அதை நம்ம கையால திறக்கற சாவிதான் இன்னும் சரியா வார்க்கப்படலை. பயம் பழசா, பலமா, பல கிளைகளோட இருந்தா ரெண்டு நிமிஷ நினைவூட்டல் எந்தக் கிளையைத் தொடுதுன்னே சொல்ல முடியாது. டரான்டுலா ஒண்ணுதான். ஒரு விபத்துல சத்தம் இருக்கு, வாசனை இருக்கு, கூட இருந்தவங்க இருக்காங்க.

இன்னொரு சண்டையும் முடியலை. இளகின நினைவு அழிஞ்சதா, இல்ல தொலைஞ்சதா? 2015ல எம்.ஐ.டி.யில சுசுமு டொனெகாவாவோட ஆய்வகம் எலிகள்ல அனிசோமைசினால நினைவைத் தடுத்துட்டு, அந்த நினைவைத் தாங்கின நரம்பணுக்களை மட்டும் ஒளியால நேரடியா தூண்டினாங்க. எலி உறைஞ்சு நின்னது. நினைவு எங்கேயோ இருந்திருக்கு, இயல்பா எடுக்கற பாதைதான் இல்லாம போயிருக்கு. சிலந்தி பக்கத்துல போக முடிஞ்ச ஒருத்தருக்கு இந்த வித்தியாசம் பெருசில்லைன்னு நீங்க சொல்லலாம். 'திரும்ப வருமா?'ன்னு கேட்கறவருக்கு அதுதான் எல்லாமே.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே ஒரு நேயர் அனுப்பின கேள்வியோட முடிச்சுக்கறேன். 'ப்ரோப்ரனலால் கடையில கிடைக்குது, நானே ஒரு மாத்திரை போட்டுட்டு அந்த விஷயத்தை நினைச்சுப் பார்க்கலாமா?' வேண்டாம். ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம், இதயத்துடிப்பு ஏற்கெனவே மெதுவா இருக்கறவங்களுக்கும் ஆபத்து. ஆய்வுல கலந்துக்கிட்டவங்களை முதல்ல உடல் பரிசோதனை பண்ணித்தான் எடுத்துக்கறாங்க. அது போக, நீங்க வீட்ல தனியா உட்கார்ந்து நினைக்கும்போது எதிர்பாராதது எதுவும் நடக்கப் போறதில்லை. அப்ப மாத்திரை மட்டும் உள்ளே போகும், கதவு மூடியே இருக்கும். பயம் உங்க வேலையையோ தூக்கத்தையோ கெடுக்குதுன்னா, மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொள்ள வைக்கற அந்தப் பழைய சிகிச்சை இன்னைக்கும் முதல் தேர்வு.

அடுத்த எபிசோடுல கனவுகள். கேள்விகளை அனுப்புங்க.